எந்த டேட்டா பேக் உண்மையில் மலிவு? மண்டபம் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மண்டபத்தில் சின்னதாக ஒரு ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். விசைப்படகுக்குப் போகிறவர்கள், கருவாட்டு வியாபாரிகள், ராமநாதபுரத்துக்குக் காலேஜ் போகிற பிள்ளைகள் என்று எல்லோரும் நின்று கேட்கிற கேள்விகளை இங்கே எழுதிவைத்திருக்கிறேன். பேக் விலை அடிக்கடி மாறும். அதனால் கீழே வரும் விலைகளைக் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பணம் கட்டும் நாளில் திரையில் தெரிகிற விலையை அதே இடத்தில் போட்டுப் பார்த்தால் போதும்.

அண்ணே, ஒன்று 299-க்கு 42 ஜிபி, இன்னொன்று 355-க்கு 25 ஜிபி. இதில் யோசிக்க என்ன இருக்கு?

வகுத்துப் பார்த்தால் யோசிக்க ஒன்றும் இல்லைதான். 299-ஐ 42-ஆல் வகுத்தால் ஒரு ஜிபி 7 ரூபாய் 12 காசு. 355-ஐ 25-ஆல் வகுத்தால் 14 ரூபாய் 20 காசு. இரண்டாவது பேக் சரியாக இரண்டு மடங்கு விலை போலத் தெரிகிறது.

ஆனால் அந்த 42 ஜிபி உங்களிடம் மொத்தமாக வருவதில்லை. நாளுக்கு 1.5 ஜிபி என்று 28 நாளைக்குப் பிரித்துத் தருகிறார்கள். நள்ளிரவு 12 மணி அடித்தால் அன்றைக்கு மீதமிருந்தது போய்விடும், அடுத்த 1.5 ஜிபி புதிதாகத் தொடங்கும். 25 ஜிபி பேக் அப்படி இல்லை. 30 நாளைக்குள் என்றைக்கு எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு கூடை மீனை மலிவாக ஏலத்தில் எடுத்து, ஐஸ் இல்லாமல் பாதி கெட்டுப்போனால், கிலோ விலையை முழுக் கூடைக்கு வகுத்துச் சொல்வோமா? விற்ற மீனுக்குத்தானே வகுப்போம். டேட்டாவுக்கும் அதே கணக்குதான்:

```
உண்மை விலை = (பேக் விலை + கூடுதல் செலவு) ÷ உண்மையில் ஓடிய ஜிபி
```

பேக் விலையும் ஜிபியும் போஸ்டரில் இருக்கும். கூடுதல் செலவும் உண்மையில் ஓடிய ஜிபியும் அதில் இருக்காது. இந்தப் பக்கம் முழுக்க அந்த இரண்டைப் பற்றித்தான்.

நான் போட்டுக்குப் போகிறவன். எனக்கு எந்த பேக் கட்டும்?

இங்கே அதிகம் வருகிற கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம். போன வருடம் ஒரு விசைப்படகுத் தொழிலாளி இதே கேள்வியோடு வந்தார். ஒரு மாதம் அவருடைய போனில் ஓடியதைக் குறித்துவைத்துப் பார்த்தோம். அந்தக் கணக்கையே எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கித் தருகிறேன்.

திங்கள், புதன், சனி மூன்று நாளும் டோக்கன் எடுத்துக் கடலுக்குப் போகிறார். காலையில் போனால் மறுநாள் காலைதான் கரை. கரையை விட்டு விலகினால் சிக்னல் கிடையாது. அந்த நாட்களில் புறப்படும் முன் பார்க்கிற வாட்ஸ்அப், வானிலை எல்லாம் சேர்த்து 0.2 ஜிபி ஓடுகிறது. செவ்வாய், வியாழன், வெள்ளி மூன்று நாளும் பாதி நேரம் தூக்கம், பாதி நேரம் வலை வேலை. நாளுக்கு 0.9 ஜிபி. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பிள்ளைகளும் அந்தப் போனைத்தான் எடுப்பார்கள். அன்றைக்கு மட்டும் 2.4 ஜிபி வேண்டும்.

வாரத்துக்குக் கூட்டினால் 0.6 + 2.7 + 2.4 = 5.7 ஜிபி. 28 நாளைக்கு 22.8 ஜிபி, 30 நாளைக்குச் சுமார் 24.4 ஜிபி.

முதலில் 299 பேக். கடலுக்குப் போன ஒவ்வொரு நாளும் 1.3 ஜிபி வீணாகிறது. ஞாயிற்றுக்கிழமையோ 1.5-இல் நின்றுவிடுகிறது. அப்படியென்றால் வாரத்துக்கு ஓடியது 4.8 ஜிபி, 28 நாளைக்கு 19.2 ஜிபி. 299-ஐ 19.2-ஆல் வகுத்தால் ஒரு ஜிபி 15 ரூபாய் 57 காசு. போஸ்டரில் 7.12 என்று பார்த்தது இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது.

ஞாயிறு மதியம் நெட் நின்றதும் பிள்ளைகள் விடுவார்களா? 19 ரூபாய்க்கு ஒரு நாள் பூஸ்டர், 1 ஜிபி. மாதத்தில் நான்கு ஞாயிறு, 76 ரூபாய். இப்போது மொத்தம் 375 ரூபாய், ஓடியது 22.8 ஜிபி. ஒரு ஜிபி 16 ரூபாய் 45 காசு.

355 பேக்கில் 25 ஜிபியும் அவர் கையில். 24.4 ஓடுகிறது, பூஸ்டர் தேவைப்படவில்லை. 355-ஐ 24.4-ஆல் வகுத்தால் 14 ரூபாய் 55 காசு. இரண்டு மடங்கு விலை போலத் தெரிந்த பேக்தான் இவருக்குக் குறைந்த விலையில் முடிந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஞாயிறு மதியத்துக்கு மேல் நெட் மெதுவாகப் போனாலும் பரவாயில்லை, பூஸ்டர் போடமாட்டேன் என்று அவர் உறுதியாக இருந்தால், கையிலிருந்து போகிற பணம் 299 பேக்கில்தான் குறைவு. ஒரு ஜிபி விலை கூடுதலாக இருந்தாலும் மொத்தச் செலவு குறைகிறது. ஜிபி விலை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், வருடத்துக்கு எவ்வளவு போகிறது என்றும் பக்கத்திலேயே எழுதிப் பார்க்கச் சொல்வது இதனால்தான். அதற்கு அடுத்த கேள்வி உதவும்.

28 நாளுக்கும் 30 நாளுக்கும் ரெண்டு நாள்தானே வித்தியாசம்?

மாதத்துக்கு இரண்டு நாள். வருடத்துக்கு ஒரு ரீசார்ஜ். 365-ஐ 28-ஆல் வகுத்தால் 13 வரும். பன்னிரண்டு மாதத்துக்குப் பதின்மூன்று முறை பணம் கட்டுகிறீர்கள்.

அதனால் விலையை நாளுக்கு மாற்றி, அப்புறம் 365-ஆல் பெருக்குங்கள். மேலே பார்த்தவரின் கணக்கு இப்படி வரும். 299 பேக் மட்டும் என்றால் வருடத்துக்கு 3,898 ரூபாய். அதோடு ஞாயிறு பூஸ்டரும் சேர்ந்தால் 4,888. 355 ரூபாய் 30 நாள் பேக் 4,319. பூஸ்டர் போடுகிறவருக்கு 355 பேக்கில் 569 ரூபாய் மிச்சம். போடாதவருக்கு 299 பேக்கில் 421 ரூபாய் மிச்சம். எது நீங்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

28 நாள் வியாபாரம் மீது ஜனங்களுக்கு இருந்த புகார், போன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்துகிற அரசு ஆணையமான டிராய் வரைக்கும் போனது. 2022 ஜனவரியில் ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் வேலிடிட்டி உள்ள பேக்கும், மாதாமாதம் அதே தேதியில் புதுப்பிக்கிற பேக்கும் ஒன்றாவது வைத்திருக்கவேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். ஆனால் அவற்றை யாரும் முன்வரிசையில் வைத்துக் காட்டுவதில்லை. ஆப்பில் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்க்கவேண்டும்.

எனக்கு எவ்வளவு ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆண்ட்ராய்ட் போனில் `Settings` போய் `Data usage` என்று தேடுங்கள். அதில் மொபைல் டேட்டா மட்டும் எவ்வளவு என்று தனியாகக் காட்டும். மாதக் கணக்கு எந்தத் தேதியில் தொடங்கவேண்டும் என்று மாற்றுகிற இடமும் அங்கேயே இருக்கும். அதை நீங்கள் ரீசார்ஜ் செய்த தேதிக்கு மாற்றிவிடுங்கள். வீட்டிலோ கடையிலோ வைஃபையில் ஓடியதைச் சேர்க்கக்கூடாது. போன் காட்டுவதும் கம்பெனி கணக்கும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். தகராறு வந்தால் கம்பெனி கணக்குதான் செல்லும், அதனால் அவர்களுடைய ஆப்பிலும் ஒரு தடவை பாருங்கள்.

மொத்தம் மட்டும் தெரிந்தால் போதாது. எந்த நாளில் எவ்வளவு என்பதுதான் விஷயம். ஒருவருக்கு நாள் தவறாமல் 1.4 ஜிபி ஓடலாம். இன்னொருவருக்கு ஒரு நாள் ஒன்றுமில்லை, மறுநாள் 3 ஜிபி என்று ஓடலாம். மாத மொத்தம் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தாலும், முதலாமவருக்கு தினசரி பேக், இரண்டாமவருக்கு மொத்த டேட்டா பேக்.

எழுதிவைக்கச் சோம்பலாக இருந்தால் ஒரு குறுக்கு வழி. தினசரி பேக்கில் பாதி தீர்ந்ததும், 90 சதவீதம் தீர்ந்ததும் மெசேஜ் வரும். நாம் எல்லோரும் படிக்காமல் அழிக்கிற அதே மெசேஜ்தான். இரண்டு வாரம் அழிக்காமல் வையுங்கள். 90 சதவீத மெசேஜ் பெரும்பாலான நாட்களில் வரவே இல்லை என்றால் தேவைக்கு மேல் வாங்கியிருக்கிறீர்கள். சில நாள் மட்டும் மத்தியானத்துக்குள் வந்துவிடுகிறது, மற்ற நாள் வருவதே இல்லை என்றால் உங்களுக்கு மொத்த டேட்டா பேக் பொருந்தும்.

தடைக்காலத்தில் சும்மாதானே இருக்கோம். அப்பவும் அதே பேக்கா?

மாற்றிவிடுங்கள். மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். படகு கரையில், போன் கையில். கடலுக்குப் போகும் காலத்தில் 0.2 ஜிபி ஓடிய நாளெல்லாம் இப்போது 1.5-ஐத் தொட்டுவிடும். வீணாவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்பதால் போஸ்டரில் போட்ட 7 ரூபாய் 12 காசு இப்போதுதான் உண்மையாகிறது.

நாளுக்கு 1.5 ஜிபி என்று வைத்தால் 61 நாளைக்கு 91.5 ஜிபி. 25 ஜிபி பேக்கில் போனால் நான்கு தடவை போடவேண்டும், 1,420 ரூபாய். 299 பேக் மூன்று தடவை, 897 ரூபாய். மூன்றாவது பேக் தடைக்காலம் முடிந்தும் ஜூலை 7 வரை ஓடும். 84 நாள் பேக் ஒன்று 800 ரூபாய்க்குள் கிடைத்தால் இந்தக் காலத்துக்குச் சரியாக உட்காரும், ஏனென்றால் மூன்று 28-ம் சேர்ந்தால் 84. மற்றபடி கடலுக்குப் போகிறவருக்கு 84 நாள் தினசரி பேக்கை நான் சொல்வதில்லை. வீணாகிற டேட்டாவை மூன்று மாதத்துக்கு முன்பணம் கட்டி வாங்குவது போல அது.

மாற்றும்போது ஒரு இடத்தில் கவனம் வேண்டும். பழைய பேக் முடியும் முன்னே புதியதைப் போட்டால், பெரும்பாலும் அது வரிசையில் நின்று பழையது முடிந்த பிறகு தொடங்கும். சில பேக் உடனே தொடங்கிவிடும், அப்போது பழையதில் இருந்த டேட்டா என்ன ஆகும் என்று பணம் கட்டுவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். 25 ஜிபியில் 9 ஜிபி மீதம் வைத்துக்கொண்டு அவசரப்பட்டுப் புதியதைப் போட்டு, மீதி போய்விட்டது என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

டேட்டா தீர்ந்தாலும் 'அன்லிமிடெட்' என்று போட்டிருக்கே?

64 கேபிபிஎஸ் வேகத்தில் அன்லிமிடெட். அதாவது நொடிக்கு 8 கேபி. 1 எம்பி படம் ஒன்று இறங்க இரண்டு நிமிடத்துக்கு மேல். ஒரு மணி நேரம் முழுக்க இழுத்தாலும் 28 எம்பி. எழுத்து மெசேஜ் போகும், வீடியோ ஓடாது, ஜிபே பாதியில் சுற்றிக்கொண்டே நிற்கும். ஜிபி கணக்கில் இதைச் சேர்க்காதீர்கள்.

பூஸ்டர் 19 ரூபாய்தானே, அதையுமா கணக்கில் சேர்க்கணும்?

அதைத்தான் முதலில் சேர்க்கவேண்டும். மேலே பார்த்த ஞாயிற்றுக்கிழமையில் ஒரு ஜிபி வாங்கி 0.9-ஐ ஓட்டினார்கள். எல்லா வாரமும் அப்படி அமையாது. ராத்திரி ஒன்பது மணிக்குப் பூஸ்டர் போட்டு, 300 எம்பி ஓட்டிவிட்டுத் தூங்கிவிட்டால், ஒரு நாள் வேலிடிட்டி உள்ள பூஸ்டரில் மீதி நள்ளிரவில் போய்விடும். அப்போது அந்த ஒரு ஜிபியின் விலை 19 ரூபாய் இல்லை, 60-ஐத் தாண்டிவிடுகிறது.

பூஸ்டரில் இரண்டு வகை உண்டு. ஒன்று அன்றைக்கே முடியும், மற்றது உங்கள் பெரிய பேக் முடியும் வரை இருக்கும். கொஞ்சம் விலை கூடினாலும் இரண்டாவதே மேல். விலைக்குப் பக்கத்தில் வேலிடிட்டி என்ன என்று சின்ன எழுத்தில் இருக்கும். இன்னொன்று, பெரும்பாலான பூஸ்டர் தனியாக நிற்காது. பெரிய பேக் உயிரோடு இருந்தால்தான் வேலை செய்யும்.

10 ரூபாய் டாப்அப் போட்டேன், 7.47-தான் ஏறியிருக்கு. கடைக்காரர் எடுத்துக்கிட்டாரா?

இல்லை, எங்களை விட்டுவிடுங்கள். 10 ரூபாயில் 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளே இருக்கிறது. 10-ஐ 1.18-ஆல் வகுத்தால் 8.47. அதிலிருந்து கம்பெனி ஒரு ரூபாய் பிராசஸிங் கட்டணம் எடுக்கிறது, மீதி 7.47. 100 ரூபாய் போட்டாலும் இப்படித்தான், 3 ரூபாய் கட்டணம் போக 81 ரூபாய் 75 காசு ஏறும்.

ப்ரீபெய்ட் பேக் விலையில் ஜிஎஸ்டி சேர்ந்தே இருக்கும், அதனால் பேக்கை ஒப்பிடும்போது இதைப் பற்றிக் கவலை வேண்டாம். போஸ்ட்பெய்டில்தான் ஏமாறுவார்கள். 399 என்று விளம்பரத்தில் இருக்கும், பில் 470 ரூபாய் 82 காசு வரும். ப்ரீபெய்டையும் போஸ்ட்பெய்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவர்கள் போஸ்ட்பெய்ட் விலையை 1.18-ஆல் பெருக்கிவிட்டு அப்புறம் பாருங்கள். அளவுக்கு மேல் ஓடினால் எம்பிக்கு என்ன விலை என்றும் கேளுங்கள். எம்பிக்கு 2 பைசா என்று சொன்னால் சும்மா போலக் கேட்கும். 1,024 எம்பிக்கு அது 20 ரூபாய் 48 காசு.

இங்கேயே சொல்லிவிடுகிறேன். சில பேமென்ட் ஆப்பில் ரீசார்ஜ் செய்தால் ஒன்றிலிருந்து மூன்று ரூபாய் வரை பிளாட்ஃபார்ம் கட்டணம் என்று சேர்ப்பார்கள். பணம் கட்டுகிற கடைசித் திரையில்தான் அது தெரியும். பதின்மூன்று ரீசார்ஜுக்கு மூன்று மூன்று ரூபாய் என்றால் வருடத்துக்கு 39. கடையிலும் பேக் விலைக்கு மேல் ஐந்து ரூபாய் கேட்டால் கொடுக்காதீர்கள். எங்களுக்குக் கமிஷன் கம்பெனியிலிருந்து வருகிறது, குறைவுதான் என்றாலும்.

டாப்அப் போட்ட பணம் தானாகவே குறையுது. யார் எடுக்கிறாங்க?

பெரும்பாலும் இரண்டில் ஒன்று.

ஒன்று, காலர் டியூன், ஜாதகம், கேம் மாதிரி ஏதாவது சேவை ஓடிக்கொண்டிருக்கும். என் சொந்த போனிலேயே நடந்தது. என் மகள் விளையாடும்போது திரையில் வந்த எதையோ அமுக்கியிருக்கிறாள். ஒரு கம்பெனி ஐந்து வாரம் வாரத்துக்கு ஒரு தடவை காசு எடுத்த பிறகுதான் நான் கவனித்தேன். ஊருக்கெல்லாம் கணக்குச் சொல்கிறவன்! 155223 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் என்னென்ன சேவை ஓடுகிறது என்று கேட்டு நிறுத்தலாம். எந்த கம்பெனி சிம்மாக இருந்தாலும் அந்த எண் ஒன்றுதான், கட்டணம் இல்லை. தெரியவந்த அன்றைக்கே கூப்பிடுங்கள், நாள் கடந்தால் பணத்தைத் திரும்பக் கேட்பது கஷ்டம்.

இன்னொன்று, பேக் முடிந்த பிறகும் மொபைல் டேட்டா ஆனிலேயே இருப்பது. பேக் இல்லாத நேரத்தில் சில சிம்மில் நெட் மெயின் பேலன்ஸிலிருந்து ஓடும். எம்பிக்கு 50 பைசா என்ற அடிப்படைக் கட்டணம் என்றால் ஒரு ஜிபி 512 ரூபாய்! உங்கள் பேலன்ஸில் 50 ரூபாய் இருந்தால் 100 எம்பியில் காலி. பேக் முடிகிற நாளில் மொபைல் டேட்டாவை அணைத்துவையுங்கள். மெயின் பேலன்ஸில் அதிகம் வைத்திருக்கவும் வேண்டாம்.

தனுஷ்கோடி போனா 'இலங்கைக்கு வரவேற்கிறோம்' என்று மெசேஜ் வருது. காசு போகுமா?

மெசேஜ் வந்ததற்குக் காசு இல்லை. அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். நடுவில் மலையோ கட்டடமோ இல்லாத கடல் என்பதால் அந்தப் பக்கத்து டவர் சிக்னல் இங்கே வரை எட்டுகிறது. நம் கம்பெனி சிக்னல் மெலிந்தால் போன் தானாகவே அதைத் தேடிப் பிடிக்கும். கடலில் எல்லை அருகே போகிறவர்களுக்கு இது வாடிக்கை.

சாதாரண ப்ரீபெய்ட் சிம்மில் வெளிநாட்டு ரோமிங் போட்டுவைக்காவிட்டால், சிக்னல் காட்டுமே தவிர நெட் ஓடாது. ஆபத்து யாருக்கு என்றால், போஸ்ட்பெய்ட் வைத்திருப்பவர்களுக்கும், வளைகுடாவுக்குப் போய்வர ரோமிங்கைத் திறந்துவைத்து மறந்துபோனவர்களுக்கும். கீழக்கரைப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு சுற்றிப்பார்க்க வருகிறவர்களிடம் இதை நான் கேட்டே அனுப்புவேன். அவர்கள் எடுத்த ரோமிங் பேக் வளைகுடா நாட்டுக்கானதாக இருக்கும், இலங்கை அதில் இல்லாமல் போகலாம். பேக்கில் இல்லாத நாட்டின் டேட்டா விலை எம்பிக்கு எம்பி கணக்கு, அது நம் ஊர் ஜிபி விலையோடு ஒப்பிடவே முடியாது.

வெளிநாட்டு டவருக்குப் போன் மாறினால் பல இடங்களில் கடிகாரம் மாறிக் காட்டிக்கொடுக்கும். இங்கே அதுவும் நடக்காது, இலங்கைக்கும் நமக்கும் ஒரே நேரம். அதனால் சிக்னல் கோட்டுக்குப் பக்கத்தில் R என்ற எழுத்து வருகிறதா, மேலே கம்பெனி பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ராமேஸ்வரம் தாண்டும்போதே `Data roaming` என்பதை அணைத்துவிடுவது போதுமான காவல். இன்னும் பயமாக இருந்தால் சிம் செட்டிங்கில் `Automatically select network` என்பதை எடுத்துவிட்டு உங்கள் கம்பெனியை நீங்களே தேர்ந்தெடுங்கள். திரும்பி வந்ததும் அதை மறுபடி ஆன் செய்ய மறக்கக்கூடாது, மறந்தால் சில இடங்களில் சிக்னலே கிடைக்காது. அப்படி மறந்து, போன் கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய.

அன்லிமிடெட் 5ஜி இருந்தா ஜிபி கணக்கே வேண்டாமே?

உங்கள் வீட்டுக்குள் 5ஜி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். 2024 ஜூலையில் விலை ஏறியபோது ஜியோ, ஏர்டெல் இரண்டும் அன்லிமிடெட் 5ஜியைப் பொதுவாக நாளுக்கு 2 ஜிபி அல்லது அதற்கு மேல் உள்ள பேக்குகளோடு நிறுத்திக்கொண்டன. அதாவது 1.5 ஜிபி பேக்கைவிடக் கூடக் கொடுக்கிறீர்கள். 5ஜி போனும் வேண்டும். தெருவில் 5ஜி காட்டி, ஓட்டு வீட்டுக்குள் போனதும் 4ஜிக்கு இறங்கினால், அங்கே ஓடுவது தினசரி 2 ஜிபியிலிருந்துதான் கழியும்.

ஒரு வாரம் பார்த்தால் தெரிந்துவிடும். 5ஜி பேக் போட்டும் தினசரி டேட்டா தீர்ந்துவிட்டது என்ற மெசேஜ் வந்துகொண்டே இருந்தால், உங்கள் போன் பாதி நேரம் 4ஜியில் இருக்கிறது. அப்போது அன்லிமிடெட் என்ற சொல்லை மறந்துவிட்டு, 4ஜி பேக் மாதிரியே வகுத்துப் பாருங்கள்.

சினிமா ஆப் இலவசம் என்று ஒரு பேக் 50 ரூபாய் கூட. எடுக்கலாமா?

அந்த ஆப்பை ஏற்கெனவே காசு கொடுத்துப் பார்க்கிறவராக இருந்தால் மட்டும், அந்தக் காசைக் கழித்துவிட்டு வகுங்கள். இல்லையென்றால் ஆப்பின் மதிப்பு பூஜ்யம். படம் பார்த்தால் டேட்டா இன்னும் சீக்கிரம் தீரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேற கம்பெனியில் ஒரு ஜிபி ரெண்டு ரூபாய் குறைவு. மாறலாமா?

சிக்னலைப் பார்த்துவிட்டு மாறுங்கள். அந்தக் கம்பெனி சிம் வைத்திருக்கிற சொந்தக்காரர் யாராவது இருந்தால், அவர் போனை வாங்கி உங்கள் வீட்டுக்குள், படகு கட்டுகிற இடத்தில், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஒரு வீடியோ ஓட்டிப் பாருங்கள். காலையில் நன்றாக ஓடுகிற டவர் இரவில் கூட்டம் சேர்ந்ததும் திணறும்.

மாறும் நாளில் பழைய சிம்மில் எத்தனை நாள் வேலிடிட்டி மீதம் இருக்கிறது என்றும் பாருங்கள். அதுவும் மெயின் பேலன்ஸும் கூட வராது. 299 பேக்கில் 20 நாள் மீதம் வைத்து மாறினால் 213 ரூபாய் போச்சு. மாதம் 24 ஜிபி ஓட்டுகிறவருக்கு ஜிபிக்கு இரண்டு ரூபாய் மிச்சம் என்றால் மாதம் 48 ரூபாய். அந்த 213-ஐ எடுக்கவே நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். பேக் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது போர்ட் கொடுத்தால் இந்த நஷ்டம் இல்லை.

அம்மாகிட்ட பட்டன் போன்தான் இருக்கு. அவங்களுக்கும் டேட்டா பேக்தான் போடணுமா?

வேண்டாம். 2024 டிசம்பரில் டிராய் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு, பேசுவதற்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டுமான பேக்கையும் கம்பெனிகள் கொடுத்தாகவேண்டும். அத்தகைய பேக்கின் வேலிடிட்டி 365 நாள் வரை இருக்கலாம் என்றும் மாற்றினார்கள். ஆப்பில் டேட்டா பேக்குகளுக்கெல்லாம் கீழே தனியாகக் கிடக்கும். கடையில் கேட்டால் 'டேட்டா இல்லாத பேக்' என்று சொல்லியே கேளுங்கள். வெறுமனே சின்ன பேக் என்று கேட்டால் பெரும்பாலும் 28 நாள் டேட்டா பேக்கைத்தான் போட்டுவிடுவார்கள்.